பதிவு செய்தவர்களை வெபினாருக்கு வரவைப்பது எப்படி?

இலவச வெபினாருக்குப் பதிவு செய்பவர்களில் பாதிப் பேர்கூட நேரத்துக்கு வந்து உட்காருவதில்லை. நடத்துகிற அலுவலகங்கள் இதைத் தலைப்பின் குறை என்றோ மக்களின் அலட்சியம் என்றோ எடுத்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் பெரிய பட்டியலுக்கு அழைப்பு அனுப்புகின்றன. பதிவு கூடுகிறது, வருகை பழைய விகிதத்திலேயே நிற்கிறது. ஆட்கள் விட்டுப்போவது பதிவு செய்த நிமிடத்துக்கும் நிகழ்ச்சி தொடங்கும் நிமிடத்துக்கும் இடையில்தான். அந்த இடைவெளியில் போகும் நாலைந்து செய்திகளைக் கவனமாக எழுதினால், அதே பட்டியலிலிருந்தே கூடுதலான பேரை வரவைக்கலாம்.

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளி மொத்த வியாபாரிகள், தறிப்பட்டறைக்காரர்கள், மஞ்சள் மண்டிக்காரர்கள் என்று 600 வாடிக்கையாளர்கள். சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்கள் புது வாடிக்கையாளரைத் தேடி விளம்பரம் செய்யக் கூடாது என்பது அவர்கள் தொழில் விதி என்பதால், அழைப்பு போவது சொந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும். பொருள், ஜி.எஸ்.டி ஆண்டுக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-9. ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் இதை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே சந்தேகத்தோடு போன் செய்வதால், முன்கூட்டியே முக்கால் மணி நேர வெபினார் ஒன்றை நடத்திவிடலாம் என்று ஆபீஸ் முடிவு செய்கிறது.

தேதியும் ஆளும்

எழுத உட்காருவதற்கு முன்னால் இரண்டு விஷயங்கள் தீர வேண்டும். இவற்றில் தவறினால் எந்த நினைவூட்டலும் காப்பாற்றாது.

முதலாவது தேதி. பேசுபவருக்கு எந்த நாள் தோது என்று பார்த்து வைக்கிறார்கள். கேட்க வருபவரின் மாதம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. டிசம்பர் 11 மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-க்குக் கடைசி நாள். 15-ஆம் தேதி பி.எஃப், இ.எஸ்.ஐ, அட்வான்ஸ் டாக்ஸ் மூன்றும் சேர்ந்து வரும். 20-ஆம் தேதி 3பி. இந்த நாட்களுக்கு முன்தினங்களில் எந்த அக்கவுன்டன்டும் வெபினாரில் உட்கார மாட்டார். ஈரோட்டில் ஜவுளி வாரச்சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் முழுக்க நடக்கும் என்பதால் அந்த இரண்டு நாளும் போயிற்று. 2026 டிசம்பரை எடுத்துப் பார்த்தால் 16-ஆம் தேதி புதன்கிழமை வருகிறது. 15-இன் நெருக்கடி முடிந்திருக்கும், 20-க்கு நாலு நாள் இருக்கும், தாக்கலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும். நேரம் மாலை 3.30 முதல் 4.15 வரை: சாப்பாட்டு வேளை முடிந்து, சாயங்கால லோடு ஏற்றும் வேலை தொடங்குவதற்கு முன்.

இரண்டாவது, யார் வர வேண்டும் என்பது. ஆபீஸிடம் இருக்கும் இமெயில் முகவரிகள் பெரும்பாலும் முதலாளிகளுடையவை. ரிட்டர்ன் போடுவதோ அவர்களிடம் வேலை செய்யும் அக்கவுன்டன்ட். முதலாளி மெயிலைப் பார்க்கிறார், நல்ல விஷயம்தான் என்று பதிவும் செய்கிறார். புதன்கிழமை மாலை அவர் பார்ட்டியோடு பேசிக்கொண்டிருப்பார். பக்கத்து மேஜையில் இருக்கும் அக்கவுன்டன்டுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. வராதவர்களுக்குப் போன் செய்து கேட்டுப் பாருங்கள், இந்தப் பதில் திரும்பத் திரும்ப வரும். பள்ளிக்கு, மருத்துவமனைக்கு, ஏற்றுமதி நிறுவனத்துக்கு வெபினார் நடத்தும்போதும் இதுவே நடக்கிறது. மெயிலைத் திறப்பவர் ஒருவர், வர வேண்டியவர் வேறொருவர்.

எனவே அழைப்பு இரண்டு பேருக்குமாக எழுதப்பட வேண்டும். முதலாளிக்கு, இதைத் தன் ஆளுக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று தெரிய வேண்டும். அக்கவுன்டன்டுக்கு, தன் மேஜையில் இருக்கும் எந்தச் சிக்கல் இதில் தீரும் என்று தெரிய வேண்டும்.

அழைப்பு மடல்

வழக்கமாகப் போகும் தலைப்பு வரி இப்படி இருக்கும்: “ஜி.எஸ்.டி ஆண்டுக் கணக்கு தாக்கல் குறித்த சிறப்பு இணையவழிக் கருத்தரங்கம் – அனைவரும் வருக”. போனில் மெயில் பட்டியலைப் பார்ப்பவருக்கு இதில் முதல் மூன்று நாலு சொற்கள்தான் தெரியும். தமிழ் எழுத்து அகலம் கூடியது. ஆங்கிலத் தலைப்பைவிடச் சீக்கிரம் வெட்டுப்படும். ஆகவே முதல் மூன்று சொற்களிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். “8டி-யில் வித்தியாசம் வருகிறதா? டிச. 16, 3.30” என்று இருந்தால் போதும்.

ஏன் 8டி? ஜி.எஸ்.டி.ஆர்-9-இல் 8-ஆம் அட்டவணை இன்புட் வரியைப் பற்றியது. விற்றவர்கள் காட்டியதை வைத்து 2பி-யிலிருந்து தானாக வரும் தொகை 8ஏ-யில் இருக்கும். நாம் எடுத்துக்கொண்ட இன்புட்டை அதிலிருந்து கழித்தால் வருவது 8டி. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் வராமல் ஒரு தொகை நின்றால் அக்கவுன்டன்டுக்குத் தூக்கம் வராது. “ஆண்டுக் கணக்கு குறித்த விழிப்புணர்வு” என்றால் அவர் மெயிலைத் தாண்டிப் போவார். “8டி” என்ற ஒரு சொல்லைப் பார்த்தால் நிற்பார். உங்கள் துறை எதுவானாலும் இதுபோல ஒரு கட்டம், ஒரு படிவ எண், ஒரு பிழைச் செய்தி இருக்கும். வர வேண்டியவரின் வாயில் புழங்கும் அந்தச் சொல்லைத் தலைப்பில் வையுங்கள்.

மடல் இவ்வளவுதான்:

> வணக்கம்.
>
> ஜி.எஸ்.டி.ஆர்-9-இல் 8டி கட்டத்தில் வித்தியாசம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது, எந்த வித்தியாசத்துக்குப் பணம் கட்ட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை நம் ஆபீஸிலிருந்து 45 நிமிடத்தில் காட்டுகிறோம். மூன்று மாதிரிக் கணக்குகளைத் திரையில் போட்டுச் சரிசெய்வோம். கடைசி 15 நிமிடம் உங்கள் கேள்விகளுக்கு.
>
> டிசம்பர் 16, புதன்கிழமை, மாலை 3.30 முதல் 4.15 வரை. ஜூமில், தமிழில். கட்டணம் இல்லை.
>
> ஜி.எஸ்.டி வேலையைப் பார்க்கும் உங்கள் அக்கவுன்டன்ட் வருவதுதான் பயன். பதிவுப் படிவத்தில் அவர் பெயரையும் வாட்ஸ்அப் எண்ணையும் கொடுங்கள். இணைப்பை அவருக்கே நேரடியாக அனுப்பிவிடுகிறோம்.
>
> [பதிவு செய்ய]
>
> (ஆடிட்டரின் பெயர், ஆபீஸ் போன் எண்)

பேசுபவரின் பட்டங்கள், நிறுவனத்தின் வரலாறு, போஸ்டர் படம் எதுவும் இதில் இல்லை. போஸ்டரை மட்டும் ஒட்டி அனுப்பும் வழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். படம் இறங்காத போனில் அந்த மெயில் வெற்றுக் கட்டமாகத் தெரியும். படத்திலுள்ள தேதியைத் தொட்டு காலண்டரில் சேர்க்கவும் முடியாது.

“பதிவு செய்தவர்களுக்கு ரெக்கார்டிங் அனுப்பப்படும்” என்ற வரியை அழைப்பில் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. ரெக்கார்டிங் அனுப்புவது நல்லது, அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அழைப்பிலேயே சொன்னால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதிவு செய்பவர்கள் கூடி, வருகிறவர்கள் குறைகிறார்கள். யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: பாடம் ரெக்கார்டிங்கில் இருக்கும், கேள்வி-பதில் இருக்காது. சொன்னபடியே அந்தப் பகுதியைப் பதிவு செய்யாமல் விடுங்கள். தங்கள் கணக்கின் தொகையை வைத்துக் கேட்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பும்கூட.

அழைப்பு எப்போது போக வேண்டும்? டிசம்பர் 4 வாக்கில் ஒன்று, 10-ஆம் தேதி பதிவு செய்யாதவர்களுக்கு மட்டும் இன்னொன்று. மூன்று வாரம் முன்னாலேயே அனுப்புவதில் லாபம் குறைவு. சீக்கிரம் பதிவு செய்தவர்கள் சீக்கிரம் மறக்கிறார்கள்; கடைசி இரண்டு நாளில் பதிவு செய்பவர்கள்தான் அதிக விகிதத்தில் வருகிறார்கள்.

மெயில் போய்ச் சேருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. 600 பேரையும் பி.சி.சி-யில் போட்டு அனுப்பினால் கணக்கே ஒரு நாள் முடங்கலாம். சொந்த டொமைனிலிருந்து, மொத்த மெயில் அனுப்பும் சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். அந்த டொமைனுக்கு எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் மூன்றும் அமைக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கம்ப்யூட்டர் ஆளிடம் கேளுங்கள். தினம் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றையும் 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியது. குறைவாக அனுப்புபவர்களுக்கும் இவை இல்லாவிட்டால் ஸ்பாமில் விழும் வாய்ப்பு கூடும். ஜூமே அனுப்பும் மெயில்களை மட்டும் நம்பியிருப்பதிலும் ஒரு குறை உண்டு. அவை no-reply@zoom.us என்ற முகவரியிலிருந்து வரும். ஆடிட்டர் பெயரைப் பார்த்துத் திறப்பவர் அதைத் திறக்க மாட்டார்.

பதிவு செய்த மறுநிமிடம்

ஆர்வம் உச்சத்தில் இருக்கும் நேரம் இதுதான். அப்போது வரும் உறுதிச் செய்தி “பதிவுக்கு நன்றி” என்று முடிந்துவிட்டால் அந்த வாய்ப்பு வீணாகிறது. அந்தச் செய்திக்கு ஒரே வேலை, நிகழ்ச்சியை வர இருப்பவரின் காலண்டரில் ஏற்றிவிடுவது. ஏற்றிவிட்டால் அவர் போன் தானே மணியடிக்கும். உங்கள் நினைவூட்டல் ஸ்பாமில் விழுந்தாலும் அது விழாது.

ஆண்ட்ராய்டு போன் அதிகம் உள்ள பட்டியலுக்கு கூகுள் காலண்டர் இணைப்பு எளிது. “காலண்டரில் சேர்க்க” என்ற பொத்தானுக்குப் பின்னால் இதை வையுங்கள்:

```
https://calendar.google.com/calendar/render?action=TEMPLATE&text=GSTR-9+Webinar&dates=20261216T100000Z/20261216T104500Z
```

இறுதியில் உள்ள Z, நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்து எழுத வேண்டும், மாலை 3.30 அங்கே 10 மணி. மறந்துபோய் 153000Z என்று எழுதினால் எல்லோருடைய காலண்டரிலும் இரவு 9 மணி என்று பதிவாகும். அனுப்புவதற்கு முன் சொந்த போனில் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதலாளி அக்கவுன்டன்டின் எண்ணைக் கொடுத்திருந்தால், அவருக்கு அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போக வேண்டும்: “வணக்கங்க, (கடைப் பெயர்) முதலாளி உங்களை டிசம்பர் 16, 3.30 ஜி.எஸ்.டி.ஆர்-9 வெபினாருக்குப் பதிவு செய்திருக்கிறார். இது ஆடிட்டர் ஆபீஸ் எண், சேவ் செய்துகொள்ளுங்க.” அந்தக் கடைசி வரி மரியாதைக்கு எழுதியதில்லை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். 120 பேருக்கு அனுப்பினோம், யாரும் பார்க்கவில்லை என்று வருந்தும் பல ஆபீஸ்களில் காரணம் இதுதான். சேமிக்காதவர்களுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும், அல்லது வாட்ஸ்அப்பின் ஏ.பி.ஐ சேவையில் முன் அனுமதி பெற்ற டெம்ப்ளேட் வழியாக அனுப்ப வேண்டும்.

எஸ்.எம்.எஸ் இப்போது இரண்டாம் பட்சம். இந்தியாவில் அனுப்புநர் பெயர், வாசகம், அதிலுள்ள இணைப்பு மூன்றையும் டி.எல்.டி-யில் முன்பதிவு செய்தாக வேண்டும். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்.எம்.எஸ்-ஸில் 70 குறியீடுகள்தான் அடங்கும். உயிர்மெய்யும் புள்ளி எழுத்தும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகள். “வெபினார்” என்ற நாலெழுத்துச் சொல் எட்டைத் தின்றுவிடும்.

முந்தின நாள்

“நாளை வெபினார், மறவாதீர்” என்பதை யாரும் மதிப்பதில்லை. முந்தின நாள் செய்தி வருபவருக்கு ஒரு சின்ன வேலையைக் கொடுக்க வேண்டும். அதைச் செய்தவர் கிட்டத்தட்ட வந்துவிட்டார் என்று அர்த்தம். டிசம்பர் 15 காலை பி.எஃப் கட்டும் அவசரம் இருக்கும் என்பதால், மாலை 5 மணிக்கு இது போகலாம்:

> நாளை 3.30-க்கு. வரும்போது இரண்டு எண்களைக் கையில் வைத்திருங்கள்: உங்கள் 8ஏ தொகை, 8டி தொகை. ஜி.எஸ்.டி போர்ட்டலில் ஜி.எஸ்.டி.ஆர்-9 பக்கத்தில் 8ஏ விவரங்களை இறக்கிக்கொள்ளலாம்.
>
> 8டி உங்களுக்கு பிளஸா, மைனஸா? ஒரு சொல்லில் பதில் அனுப்புங்கள். அதிகம் பேருக்கு எது வருகிறதோ அதிலிருந்து தொடங்குகிறோம்.
>
> ஜூம் ஆப் போனில் இல்லையென்றால் இன்றே இறக்கிவையுங்கள். நாளை வர முடியாதென்றால் “இல்லை” என்று பதில் போடுங்கள், வேறு ஆளை அனுப்பினால் அவர் எண்ணைக் கொடுங்கள்.

இந்தச் செய்தியில்தான் அதிகப் பலன் இருக்கிறது. பிளஸ், மைனஸ் என்று பதில் போட்டவருக்குத் தன் கேள்வி நாளை பேசப்படும் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அவர் பதில் போட்டதிலிருந்து 24 மணி நேரம் ஏ.பி.ஐ வழியாகவும் டெம்ப்ளேட் இல்லாமல் அவருக்கு எழுதலாம் என்பது கூடுதல் வசதி. “இல்லை” என்பவரைத் தடுக்கத் தேவையில்லை. வராதவர் யாரென்று முன்பே தெரிவதும், அவருக்குப் பதில் இன்னொருவர் வருவதும் லாபமே. ஆப் இறக்கும் வரியையும் விடாதீர்கள். முதல்முறை ஜூமுக்கு வருபவர் 3.30-க்கு இணைப்பைத் தொட்டு, ஆப் இறங்கும்வரை காத்திருந்து, பாஸ்வேர்டு நினைவில்லாமல் தடுமாறி, அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பட்டியல் சிறியது என்றால் இந்த இடத்தில் போனுக்கு நிகர் எதுவும் இல்லை. பதில் போடாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆபீஸிலிருந்து ஒருவர் கூப்பிட வேண்டும். “அண்ணா, ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பேசறங்க. நாளைக்கு மூன்றரைக்கு உங்க அக்கவுன்டன்ட் வந்துருவாருங்களா, இல்ல நீங்களே உட்கார்றீங்களா?” என்று கேட்டால் போதும். “வருவீர்களா” என்று கேட்பதைவிட “யார் உட்காருவது” என்று கேட்பது நல்லது. பதிலில் ஒரு பெயர் வரும்.

கடைசி ஒரு மணி நேரம்

அன்று 2.30-க்கு ஒரு செய்தி, 3.25-க்கு ஒரு செய்தி. இரண்டும் வாட்ஸ்அப்பில்தான். அக்கவுன்டன்ட் அப்போது டேலியில் இருப்பார், மெயிலில் இருக்க மாட்டார். இந்த இரண்டு செய்திகளிலும் விளக்கம் வேண்டாம். இணைப்பு முதல் வரியில் தனியாக இருக்க வேண்டும், அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. 2.30-க்கு: “3.30-க்கு இந்த இணைப்புதான். 8டி தொகையைக் கையில் வையுங்க.” 3.25-க்கு: “திறந்தாச்சு, வாங்க. மைனஸ் வந்தவங்க கணக்கை முதலில் போடறோம்.”

மாலை 3.30-க்கு மனம் வைத்தும் வராமல் போகிறவர்கள் பலர் இணைப்பைத் தேடி அலுத்தவர்களே. பத்து நாள் முன் வந்த மெயிலில் அது எங்கோ கிடக்கும். வாட்ஸ்அப் திரையின் மேலே அந்த நிமிடத்தில் அது நின்றால் தொடுவார்கள். ஜூமில் பதிவு வைத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு உருவாகும். அதை அவரவருக்கே அனுப்புங்கள். ஒருவருடைய இணைப்பைக் குழுவில் போட்டுவிட்டால் யார் வந்தார், யார் வரவில்லை என்ற கணக்கே குழம்பும்.

3.35-க்கு ஜூமின் பட்டியலைப் பார்த்து, இன்னும் வராத ஆனால் பிளஸ்/மைனஸ் பதில் போட்டவர்களுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். எல்லோருக்கும் ஆறாவது, ஏழாவது செய்தி அனுப்பும் ஆபீஸின் எண் பிளாக் ஆகும். பிளாக் செய்தவரை அடுத்த முறை எட்டவே முடியாது.

எது வேலை செய்தது?

மெயில் திறப்பு விகிதத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டின்படி, படங்கள் முன்கூட்டியே இறக்கப்படுவதால் பயனர் திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் வரும். பார்க்க வேண்டியது ஜூமின் வருகை ரிப்போர்ட். ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை நிமிடம் இருந்தார் என்று அதில் இருக்கும். 3.45-க்கு உள்ளே இருந்தவர்களை “வந்தவர்கள்” என்று எண்ணுங்கள். எட்டிப்பார்த்துப் போனவர்கள் கணக்கில் சேராமல் இருப்பார்கள்.

அந்தப் பட்டியலைப் பதிவுப் பட்டியலோடு எக்ஸெல்லில் சேர்த்து, இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். அக்கவுன்டன்ட் எண் கொடுத்த கடைகளில் எத்தனை பேர் வந்தார்கள், கொடுக்காத கடைகளில் எத்தனை பேர்? முந்தின நாள் பதில் போட்டவர்களில் எத்தனை, போடாதவர்களில் எத்தனை? 120 பேர் பதிவில் 70 கடைகள் எண் கொடுத்து அவற்றிலிருந்து 42 பேர் வந்து, கொடுக்காத 50 கடைகளிலிருந்து 12 பேர் மட்டுமே வந்திருந்தால், அடுத்த முறை அந்தக் கட்டத்தைப் படிவத்தில் கட்டாயமாக்குவதைப் பற்றி யோசிக்கலாம். எண் கொடுத்தவர்கள் முதலிலிருந்தே அக்கறையுள்ளவர்களாகவும் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். இரண்டு மூன்று பேர் வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இவ்வளவு சின்ன பட்டியலில் அது தற்செயலாகவே வரும்.

வராதவர்களுக்கு அன்று மாலையே ஒரு செய்தி போக வேண்டும். வராததைக் குத்திக்காட்டாமல், ரெக்கார்டிங்கில் மைனஸ் 8டி பற்றிய பகுதி எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறித்து அனுப்புங்கள். மைனஸ் என்று பதில் போட்டும் வராமல் போனவர்கள் யாரென்று உங்களிடம் பட்டியல் இருக்கிறது. 3பி நெருக்கடி முடிந்த 21-ஆம் தேதி காலை அவர்களை மட்டும் போனில் கூப்பிடுங்கள். அவர்கள் கணக்கைச் சரிசெய்ய இன்னும் பத்து நாள் இருக்கும்.